மடியில் குழந்தை

ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில் கோவிந்தராஜின் டி.டி.பி. சென்டர் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து எல்லாம் அவன் கைதான். தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆடி மாதத்தில், ஒரு பிற்பகல், அந்தக் குறுகின படியில் லோகநாயகி ஏறி வந்தாள். பின்னால் மூச்சு வாங்கியபடி அவள் புருஷனின் அண்ணன் கஜபதி.

புருஷன் சம்பத் தூக்கத்திலேயே போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. டாங்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சாமான் கட்டும்போது மர அலமாரியின் அடித்தட்டில், விரித்திருந்த பழைய பேப்பருக்குக் கீழே, முகம் கவிழ்ந்து கிடந்தது, அவன் அம்மா இருக்கும் அந்தக் குடும்பப் போட்டோ. “எங்கம்மா படம் ஒண்ணுகூட இல்ல” என்று சம்பத் எப்போதோ சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. கோபம் வரவில்லை. எதுவும் வரவில்லை. அழுகைகூட வராமல் மூன்று மாதமாக அவள் அப்படித்தான் இருந்தாள்.

“பெர்சு பண்ணி கீழ பேர் போட்ருப்பா,” என்றார் கஜபதி. “வருஷ திதிக்கு எல்லாருக்கும் ஒண்ணு குடுக்கணும். இல்லன்னா நாளைக்கு யாரு இன்னான்னு எந்தப் புள்ளைக்கும் தெரியாம பூடும்.”

கோவிந்தராஜ் படத்தைத் துணியால் மெல்லத் துடைத்து, ஸ்கேனர் கண்ணாடியின் மேல் கவிழ்த்து மூடினான். மூடியின் இடுக்கில் வெள்ளை வெளிச்சம் ஊர்ந்தது. மானிட்டரில் படம் மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாக இறங்கியது.

ஓட்டுக்கூரை. இரண்டு ஆண்களின் தலைகள். அப்புறம் நாற்காலிகளில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் மடியில் கைக்குழந்தை. தரையில் ஒரு சிறுவன்.

“சொல்லுங்க சார். நிக்கறவங்க மொதல்ல.”

“எங்கப்பா வேம்புலி. அவருக்கு ரைட்டுல சித்தப்பா சின்னசாமி.”

“ரைட்டுன்னா அவங்களுக்கா, பாக்கற நமக்கா? இடமிருந்து வலம்னு போடறது பாக்கறவங்க கணக்கு சார்.”

“நமக்குத்தான்.”

“இருக்காங்களா?”

“இல்ல. ரெண்டு பேரும் பூட்டாங்க.”

இரண்டு பெயருக்கும் முன்னால் ‘காலஞ்சென்ற’ சேர்த்தான். உட்கார்ந்திருப்பவர்களில் முதலில் சித்தி கன்னியம்மா. அவளுக்கும் அதே வார்த்தை. அடுத்து மடியில் குழந்தை வைத்திருப்பவள்.

கஜபதி ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“இவங்க?”

“அம்மா. பார்வதம்.” குரல் தணிந்தது. “அவங்களுக்கும் போட்ருப்பா.”

முகம் தெளிவாக இருக்கிறதா பார்க்க கோவிந்தராஜ் படத்தைப் பெரிதாக்கினான். வேம்புலியின் மீசை லேசாகக் கலைந்திருந்தது. சின்னசாமிக்குக் கண்களில் நடுக்கம். “அந்தக் காலத்து ஸ்டாண்டு கேமரா சார். மூடியத் தொறந்து எண்ணி மூடுவாங்க. அதுக்குள்ள மூச்சு விட்டாலும் படத்துல ஆடிரும்.”

பார்வதத்தின் முகம் ஆடவே இல்லை. நெற்றிப்பொட்டு, மூக்குத்தியின் ஒவ்வொரு கல், எல்லாம் செதுக்கினது போல இருந்தன. கண்கள் மட்டும் வேறுமாதிரி. படம் முழுக்க மணல் போலப் பொடிப் புள்ளிகள். கண்ணில் புள்ளியே இல்லை, வழவழவென்று கறுப்பு.

“இது மையி சார். பிரிண்டு மேல பிரஷ்ல கண்ணு வரைஞ்சிருக்காங்க.”

கஜபதி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“அன்னிக்குக் காலைலதான் அம்மா செத்துச்சு,” என்றார். “ஒரு படம்கூட இல்லியேன்னு அப்பா பூந்தமல்லிலேர்ந்து ஆளக் கூட்டினு வந்தாரு. துண்டால சேரோட கட்டி ஒக்கார வெச்சாங்க. சம்பத்து மூணு மாசக் கொயந்த. கத்திக்கினே கீறான். யார் தூக்கினாலும் அடங்கல. மடில போட்டாங்க.”

“அப்புறம்?”

“கப்சிப்னு ஆயிட்டான்.”

ஊதுவத்தியும் சூடான மானிட்டரும் கலந்த வாசனை.

“எட்டு வயசு எனக்கு. படம் எட்த்து முடிச்சிட்டுக் கொயந்தயத் தூக்கப் போனாங்க. வரல. அம்மா கை புடிச்சிகினு இர்ந்துச்சு. சித்தப்பா வெரல் வெரலாப் பிரிச்சாரு.” அவர் லோகநாயகியைப் பார்க்கவில்லை. “கல்யாணத்தப்போ இதச் சொல்லித்தான் சம்பத்துகிட்ட படத்தக் குடுத்தேன்மா. மாட்டவே இல்ல அவன்.”

கோவிந்தராஜ் படத்தைக் கீழே நகர்த்தினான். சேலை மடிப்பு கூர்மை. வளையல் கூர்மை. குழந்தையின் வயிற்றைச் சுற்றியிருந்த வலது கை வந்தது.

அது மட்டும் கலங்கியிருந்தது.

விரல்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

படம் எடுக்கும்போது அசைந்திருக்கிறது.

மூன்று பேரும் பார்த்தார்கள். கோவிந்தராஜ் அவசரமாகப் பழைய அளவுக்குக் குறைத்து, மீதியை அடித்து, பிரிண்ட் கொடுத்தான். லோகநாயகி வாங்கிப் படித்தாள்.

‘நிற்பவர்கள், இடமிருந்து வலம்: காலஞ்சென்ற வேம்புலி, காலஞ்சென்ற சின்னசாமி. அமர்ந்திருப்பவர்கள்: காலஞ்சென்ற கன்னியம்மா, பார்வதம், மடியில் குழந்தை காலஞ்சென்ற சம்பத். தரையில்: கஜபதி. திருவேற்காடு, 1955.’

“அத்தை பேருக்கு முன்னால ‘காலஞ்சென்ற’ வரல,” என்றாள்.

கோவிந்தராஜ் திரையைப் பார்த்தான். திரையில் இருந்தது. மறுபடி பிரிண்ட் கொடுத்தான். தாளில் இல்லை. அழித்துப் புதிதாக அடித்தான். தாளில் அந்த இடம் மட்டும் வெறுமையாக வந்தது.

“ஃபான்ட் கோளாறு போலக்கா,” என்றான். அவன் மேலுதடு வேர்த்திருந்தது.

“கம்ப்யூட்டர ஆப் பண்ணிட்டுப் போடுப்பா. அது வந்தே ஆவணும்,” என்றார் கஜபதி.

லோகநாயகிக்கு அலுப்பாக இருந்தது. அந்த வார்த்தை சம்பத்தின் பெயருக்கு முன்னால் ஒட்டியிருந்ததே போதும் என்றிருந்தது.

“இருக்கட்டும் விடுங்க மாமா. அவங்க அப்டியே இருக்கட்டும்.”

கஜபதி அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

பட்டாபிராமில் ரயில் சத்தம் கேட்கும் ஓர் ஒற்றை அறை வீட்டுக்குக் குடிபோனாள். படத்தைச் சட்டம் போட்டு மாட்டினாள். அதன் கீழே ஒரு ஒயர் நாற்காலி. நாலு வயது மகள் வடிவு தினமும் மத்தியானம் “நைனா எங்க?” என்று தொடங்கி, தொண்டை கட்டும்வரை அழுவாள். லோகநாயகி எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். தூக்கத் தோன்றாது. கைகள் யாருடையவோ போல மடியில் கிடக்கும்.

ஒரு மத்தியானம் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தபோது, உள்ளே அழுகை நின்றது.

தேம்பித் தேம்பி அடங்கவில்லை.

பட்டென்று நின்றது.

ஈரக்கையோடு உள்ளே வந்தாள். வடிவு நாற்காலியில் சாய்ந்து, அரைக்கண் மூடியிருந்தாள். ஆனால் அவள் முதுகு நாற்காலியின் முதுகைத் தொடவில்லை. அவளுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதற்குக் கீழே, கனத்த ஆள் உட்கார்ந்தது போல ஒயர்கள் தொய்ந்திருந்தன.

பழைய துணியின் வாசனை. மஞ்சள் வாசனை.

லோகநாயகி குழந்தையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

வரவில்லை.

மறுபடி இழுத்தாள். கவுன் வயிற்றருகே தானாகச் சுருங்கி இறுகியது. வடிவு கண் திறக்காமல் முனகினாள்.

மூன்று மாதத்துக்கு மேலாக எங்கேயோ உறைந்து கிடந்தது லோகநாயகியின் நெஞ்சுக்குள் உடைந்தது. குழந்தையை மாரோடு அணைத்து, மண்டியிட்டு, குரல் கிழிய அழுதாள்.

“அத்தே… விட்ருங்க அத்தே. இனிமே நான் தூக்கிக்கறேன். நான் தூக்கிக்கறேன்.”

கவுனில் மடிப்புகள் ஒவ்வொன்றாக விட்டன. விரல் விரலாக.

வடிவின் முழு கனமும் கைக்கு வந்தது. லோகநாயகி பின்னோக்கியே நகர்ந்து வாசலுக்குப் போனாள். இடுப்பில் இருந்த குழந்தை தூக்கக் கண்ணோடு நாற்காலியைப் பார்த்து, டாட்டா காட்டியது.

ஒயர்கள் இன்னும் மேலே எழும்பவில்லை.