ஐந்து கட்டைச் சுருதி

யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போன தகரக் கிடங்கைத்தான் ஸ்டூடியோவாக்கியிருந்தார்கள். வீடிருந்த நீலசந்திராவிலிருந்து நடந்தே போய்விடலாம். ஜகதாம்பாள் நடந்துதான் வந்தாள். பெங்களூர்த் தூறல் காலையிலிருந்து விடவில்லை. எதிரொலியை அடக்கச் சுவரெங்கும் தொங்கவிட்டிருந்த கோணிச் சாக்குகள் ஈரத்தை உறிஞ்சி, உள்ளே நுழைந்ததுமே நாற்றம் முகத்தில் அடித்தது. பட்டப்பகலிலும் விளக்கொளி விழாத இடமெல்லாம் கும்மிருட்டு.

முப்பத்தெட்டு வயதில் கதாநாயகிக்கு அம்மா வேஷம். அதுவும் கிடைக்காமல் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவள் அவள். இதையும் விட்டால் அவளுக்கும் மகள் ரமாவுக்கும் சோற்றுக்கு வழியில்லை. சினிமாக்காரர்களுக்கு ஞாபகமறதி அதிகம். ஒருதரம் 'சரிப்படாது' என்று சொன்னதை மட்டும் மறக்கவே மாட்டார்கள்.

அன்றைக்கு எடுக்க வேண்டியது ஒரு தாலாட்டு. அவள் பாட வேண்டியதில்லை. மெட்ராஸில் ஒரு சின்னப் பெண் முன்கூட்டியே பாடிக் கொடுத்துவிட்டாள். அந்த ஒலி ஏறிய பிலிமைச் சவுண்டுக்காரர் ஓஸ்வால்ட் மூலையில் ஒரு மிஷினில் ஓட்டுவார். மிஷினும் கேமராவும் ஒரே வேகத்தில் சுழலும். ஒலிபெருக்கியில் பாட்டு வரும்போது ஜகதாம்பாள் வாயசைத்தால் போதும். மைக்கே கிடையாது. கூரைமேல் மழை கொட்டினால்கூடக் கவலையில்லை.

டைரக்டர் சீனிவாசராகவன் கையைத் தூக்கினார். கிளாப் கட்டை தட்டினார்கள். தம்பூரா நாதம் வந்தது. பாட்டு ஆரம்பித்தது.

ஜகதாம்பாளின் வாய் திறக்கவில்லை.

"கட்! ஜகதாம்மா, தூளி இங்க இருக்கு. நீங்க எங்க பாக்கறீங்க?"

அவள் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாடக மேடைப் பழக்கம். மேடையோரம் ஹார்மோனியக்காரர் உட்கார்ந்திருப்பார். நடிகை அவரை ஓரக்கண்ணால் பார்த்துச் சுருதி வாங்கிக்கொண்டுதான் வாயைத் திறப்பாள். வசனத்துக்கு நடுவே அழுதுகொண்டிருந்தாலும் சரி, செத்துக்கொண்டிருந்தாலும் சரி, சுருதி வந்த பிறகுதான் பாட்டு. ஜகதாம்பாளுக்குச் சுருதி கொடுத்தவர் முனியப்பன். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை மண்தரை ஆளுக்கும் கேட்க வேண்டுமென்று அவளை ஐந்து கட்டை உச்சத்தில் ஏற்றிவிட்டவரும் அவரே. அப்படிக் கத்திக் கத்தித்தான் பிற்பாடு அவள் தொண்டை கிழிந்தது.

பேசும் படம் வந்தபோது நாடகத்தை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்த் தோட்டத்தில் வைத்து எடுத்தார்கள். வெயில்தான் விளக்கு. ஜிகினாத்தாள் ஒட்டிய பலகையால் வெயிலை முகத்தில் திருப்புவார்கள். மரக்கிளையில் இலைக்குள் மைக்கை ஒளித்துவைப்பார்கள். அவள் பாடிக்கொண்டே நடக்க வேண்டும். கேமராக் கண்ணுக்குச் சற்று வெளியே, முனியப்பன் தள்ளுவண்டியில் ஹார்மோனியத்தோடு உட்கார்ந்து கூடவே வருவார். நடிப்பும் பாட்டும் வாத்தியமும் ஒரே சமயத்தில் பதிவாகும். காக்கை கத்தினால் எல்லாம் பாழ், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். காக்கை விரட்டவே ஒருவனுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அப்புறம் இரவல் குரல் வந்தது. ஹார்மோனியத்துக்கு செட்டில் வேலை போயிற்று. கடைசி நாளன்று முனியப்பன் வெற்றிலை மென்றுகொண்டே சிரித்தார்.

"எவ வேணா பாடட்டும் புள்ளே. நான் சுருதி குடுக்காம உன் வாய் தெறக்காது."

போன பங்குனியில் சேலத்தில் அவர் செத்துப்போனார். அவள் போகவில்லை. போக மனம் வரவில்லை என்பதுதான் நிஜம். அந்த மனுஷனை நினைத்தாலே தொண்டை வலித்தது.

இரண்டாவது டேக். கட்டை தட்டினார்கள். பாட்டு வருவதற்கு முன்பே அவளுக்கு வேறொன்று கேட்டது.

ஹார்மோனியத் துருத்தி மூச்சிழுக்கும் சத்தம்.

இடப்பக்கம், விளக்குக் கால்களுக்குப் பின்னால் இருட்டில். ஈரக் கோணி நாற்றத்தை மீறி வெற்றிலை வாசனை வந்தது. இழுத்த மூச்சு அப்படியே நின்றது. சுருதி வரவில்லை. அவள் உதடுகள் பிசின் தடவியதுபோல ஒட்டிக்கொண்டிருந்தன. பாட்டு தன்பாட்டுக்கு ஓடி முடிந்தது.

"சார், பிலிம் ஸ்டாக் ரொம்ப கம்மி இருக்கு," என்றார் ஓஸ்வால்ட் மெதுவாக.

விளக்கு பிடிக்கும் கோவிந்தப்பா பரண்மேலிருந்து கன்னடம் கலந்து கேட்டார். "ஏனம்மா, மை சரியில்லவா, உடம்புக்கு ஏதாச்சுமா? ஸ்வல்ப காபி குடிச்சுட்டு வாங்களேன்."

மூன்றாவது டேக்கில் அவள் அந்த இருட்டுக்குள் பார்த்தாள். முகம் தெரியவில்லை. ஹார்மோனியக் கட்டைகள்மேல் விரித்த விரல்கள் மட்டும் தெரிந்தன. அழுத்தாமல் காத்திருந்தன.

"கட்!" சீனிவாசராகவன் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அவருக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. "இன்னும் ஒரே டேக். இல்லேன்னா நாளைக்கு மெட்ராஸ்லேர்ந்து வேற அம்மா வந்துடுவா. என்னைத் தப்பா நினைக்காதீங்கோ."

"ஒரு நிமிஷம் குடுங்க," என்றாள் ஜகதாம்பாள்.

இருட்டுப் பக்கம் போனாள். அங்கே ஒன்றுமில்லை. சுருட்டிவைத்த கேபிளும் ஈரத் தரையும்தான். பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிடக் களைப்பு அதிகமாக இருந்தது. வேலை போய்விட்டது என்று ரமாவிடம் சொல்வதைவிட ஒரு பிணத்தோடு பேசுவது சுலபமாகப் பட்டது.

"அண்ணே," என்று கிசுகிசுத்தாள். "குடுத்துடுங்க."

காதோரம் வெற்றிலை வாசனை.

"ஒரு பாட்டுக்கா, புள்ளே?"

"எல்லாத்துக்கும் நீங்களே குடுங்க. என்னால முடியல. போதும்."

யாரோ திருப்தியாக மென்று விழுங்கும் சத்தம் கேட்டது.

நான்காவது டேக். கட்டை தட்டினார்கள். துருத்தி நிறைந்தது. ஐந்து கட்டை பிசிறில்லாமல் எழுந்தது. அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது. ஒலிபெருக்கியில் மெட்ராஸ் பெண் தாழ்ந்த சுருதியில் பாடிக்கொண்டிருந்ததை அவள் கேட்கவேயில்லை. தன் இருபது வயதுக் குரலைக் கேட்டாள். தூளிக்குள் இருந்த பொம்மையைப் பார்த்துக் கண்ணீர் வடிந்தது. அது நடிப்பில்லை.

"ஓகே!" சீனிவாசராகவன் எழுந்தே நின்றுவிட்டார். "பாருங்கோ, இதைத்தானே கேட்டேன்!"

ஓஸ்வால்ட் மிஷினை நிறுத்திவிட்டு வந்தார். "பர்ஃபெக்ட் மேடம். ஒரு எழுத்துகூட வாய் தப்பல." கொஞ்சம் தயங்கினார். "யாரு ஹார்மோனியம் வாசிச்சது? நம்ம டிராக்ல அது கிடையாதே."

அவள் கும்பிட்டுவிட்டு முகத்தைத் துடைக்கப் போனாள். மைக் இல்லாததால் அந்தச் சத்தம் எதிலும் பதியவில்லை.

வீட்டு வாசலில் ரமா நின்றிருந்தாள். பதினேழு வயது. நனைந்த தலையைத் துவட்டத் துண்டோடு வந்தாள்.

"என்னம்மா, ஓகே ஆச்சா?"

ஜகதாம்பாள் ஆமாம் என்று சொல்லப் போனாள்.

உதடு பிரியவில்லை.

"ஏம்மா? வேணாம்னுட்டாங்களா?"

இல்லையென்று தலையை ஆட்டினாள். விரலால் உதட்டைப் பிரிக்கப் பார்த்தாள். நகம் கீறி ரத்தம் வந்ததே தவிர வாய் திறக்கவில்லை. அப்போதுதான் 'எல்லாத்துக்கும்' என்று தான் சொன்னது அவளுக்கு முழுசாகப் புரிந்தது. பாட்டுக்கு மட்டுமில்லை.

"அம்மா! பேசும்மா! பயமா இருக்கும்மா!" ரமா அவளைப் பிடித்து உலுக்கினாள்.

அடுப்பங்கரை மூலையில், ஆளில்லாத இடத்தில், துருத்தி மெல்ல மூச்சிழுத்தது.

சுருதி வந்தது. வாய் திறந்தது.

"ஓகே ஆயிடுச்சுடி கண்ணு."

ரமா துண்டைக் கீழே போட்டுவிட்டுப் பின்வாங்கினாள். வெளியே வந்த குரல் அவள் அம்மாவின் கிழிந்த குரலில்லை. இளம்பெண் ஒருத்தியின் குரல் அது, தெருக்கோடிவரை கேட்கும் ஐந்து கட்டையில்.

"யாரும்மா அங்க?" என்றாள் ரமா, அடுப்பங்கரையைப் பார்த்தபடி.

ஜகதாம்பாள் 'ஓடிடு' என்று சொல்ல நினைத்தாள்.

சுருதி நின்றுபோயிருந்தது. உதடுகள் மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தன.