ஒரே ஒரு பதில்

அந்தக் கணக்குக்கு முகம் இல்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் வட்டம். ஆரம்பித்து மூன்றே நாள். நாய்க்குட்டிகளைக் குளிப்பாட்டுவது பற்றி கால்நடை டாக்டர் போட்டிருந்த வீடியோவுக்குக் கீழே அது எழுதியிருந்தது: “குடிச்சிட்டு ஆபரேஷன் பண்ணி என் நாயைக் கொன்னவ இவ.”

டாக்டருக்குக் காது மடல்கள் சூடேறின. அவள் குடித்ததே இல்லை. ஆத்திரத்தோடு தட்டிய பதிலை அனுப்பாமலே அழித்தாள். தேதியும் நேரமும் தெரியும்படி அந்தக் கமெண்ட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டு, க்ளினிக்கின் ஆன்லைன் பக்கத்தை அவளோடு சேர்ந்து கவனித்துக்கொள்ளும் அக்காவுக்குப் போன் செய்தாள்.

“திட்டாதே. வேற ஆளுங்களும் படிப்பாங்க, அவங்களுக்காக எழுது,” என்றாள் அக்கா.

ஒரு மணி நேரம் கழித்து எழுதினாள்: “இது உண்மையல்ல. உங்கள் நாய் இங்கே சிகிச்சை பெற்றிருந்தால், பதிவேட்டை நேரில் வந்து பார்க்கலாம். கால்நடை மருத்துவக் கவுன்சிலிலும் புகார் தரலாம். இங்கே இனி பதில் சொல்லமாட்டேன்.”

அந்தப் பதிலை எல்லாக் கமெண்ட்டுகளுக்கும் மேலே நிற்கும்படி பின் செய்தாள். அந்தக் கணக்கைக் கட்டுப்படுத்தினாள். இனி அது எழுதுவது அதற்கும், பக்கத்தை நடத்தும் இருவருக்கும் மட்டுமே தெரியும். தன் போனில் அறிவிப்புகளை அணைத்தாள். மிரட்டல் வருகிறதா என்று அக்கா பார்த்துக்கொள்வாள்.

நான்கு நாள் நிம்மதியாகப் போனது.

ஐந்தாம் நாள் மதியம், கிருமிநாசினி நெடியும் ஈர ரோம வாடையும் கலந்த அறையில், ஒரு பூனையின் காதைத் துடைத்துக் கூடையில் விட்டு அவள் கை கழுவிக்கொண்டிருந்தபோது, பின்னறைக் கூண்டுகளில் காலையிலிருந்து ஓயாமல் குரைத்துக்கொண்டிருந்த நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. எதுவோ உடைகிற சத்தம். அடி சதையில் விழும் சத்தம். மறுபடி. மறுபடி.

நர்ஸ் அங்கேதான் மருந்து எடுக்கப் போயிருந்தாள்.

போன் அடித்தது.

“எங்க இருக்கே?” அக்காவின் குரல் உடைந்திருந்தது. “காலையில மிரட்டினான், நீ பயப்படுவேன்னு சொல்லல, போலீஸ்ல புகார் கொடுத்துட்டேன். இப்ப மறுபடி எழுதறான். ‘பின்கதவு திறந்திருக்கு’ன்னு. வெளிய ஓடு.”

“நர்ஸ் உள்ள இருக்கா,” என்றாள் டாக்டர். கதவைத் தள்ளினாள்.

தரையெல்லாம் ரத்தம். நர்ஸின் செருப்பு ஒன்று தனியே கிடந்தது. அவள் முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. கூண்டுகளின் மூலையில் நாய்கள் ஒடுங்கியிருந்தன.

நர்ஸின் பக்கத்தில் ஒருவன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் சுத்தியல். டாக்டர் அவனை இதற்கு முன் பார்த்ததே இல்லை. அவன் நிமிரவில்லை. சிவந்த கட்டைவிரல்கள் போன் திரையில் வழுக்கின. சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினான்.

 

காதில் அக்கா அழுதபடி படித்தாள்.

“‘எதிர்லயே நிக்கறா. இப்பவும் பதில் இல்ல.’”

அவன் போனைத் தரையில் கவிழ்த்து வைத்தான்.