இருநூற்றுப் பதினான்காவது ஆள்

குழுவில் இருநூற்றுப் பதின்மூன்று பேர் இருக்க வேண்டும். இருநூற்றுப் பதினான்கு என்று காட்டியது.

வாசலில் உட்கார்ந்திருந்த மணிவண்ணன் செல்போனைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். அதே எண். மாலை நாலு மணிதான் ஆகியிருந்தது. ஆனாலும் வளப்பூர் நாடு என்ற அந்த மலையூரின் மேல் சரிவெல்லாம் பனி இறங்கி, வாசலில் தார்ப்பாயில் காயப்போட்டிருந்த மிளகு நமுத்து, ஈரச் சாக்கின் வாடையும் மிளகின் காரமும் கலந்து மூக்கை அரித்தன. உள்ளே அவன் மனைவி சுமித்ரா மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். மூடி தடதடக்கும் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை.

அவன் நடத்திய வாட்ஸ்அப் குழுவுக்குப் பெயர் 'மலை மிளகு'. அவன் ஒருவன்தான் அட்மின். இணைப்பு யார் கையில் கிடைத்தாலும், அதைத் தொட்டு யார் உள்ளே வரப் பார்த்தாலும், முதலில் அவனிடம்தான் கேட்கும். அவன் சரி என்று அழுத்தினால்தான் சேர முடியும். போன வருடம் அந்த அமைப்பை அவனே போட்டு வைத்தான். இன்று அவனிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் திரையின் நடுவில், சாம்பல் நிறச் சின்னக் கட்டத்தில், ஒரு புதிய எண் குழு இணைப்பின் வழியாகச் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தது. படம் இல்லை. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரே ஒரு புள்ளி.

"எவன்டா இவன்?" என்றான் சத்தமாக.

அவனுக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் இறங்காது. அடிவாரத்து வியாபாரிகள் சிலர் விவசாயி மாதிரி உள்ளே நுழைந்து, யாரிடம் எவ்வளவு மிளகு இருக்கிறது என்று மோப்பம் பிடித்துப் போன பிறகு அந்தக் கோபத்துக்கு ஒரு சட்டமும் சேர்ந்தது. புதிதாக வருகிறவர் மறுநாள் பொழுது சாய்வதற்குள் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். பாதிப் பேருக்கு எழுத வராது என்பதால் மைக்கை அழுத்திப் பிடித்துக் குரலில் சொன்னால் போதும். பெயர், ஊர், யார் ஊட்டு ஆள், எத்தனை மிளகுக்கொடி. சொல்லாதவரை நீக்கிவிடுவான். அவன் வைத்திருந்த வரவேற்புச் செய்தி எப்போதும் ஒன்றுதான்: 'வணக்கம், மலை மிளகு குழுவுக்கு வாங்க. உங்களப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க.' அதைப் பார்த்ததும் மற்றவர்கள் வரிசையாக 'வாங்க, வாங்க' என்று போடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த வழக்கம் அது.

இன்று அவன் வரவேற்பதற்கு முன்பே அவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

'வாங்க' என்று போட்டிருந்தார் திருப்புலி நாட்டுச் சின்னுசாமி. அதன் கீழே இன்னொருவர். இன்னொருவர். பிறகு சின்னுசாமியே குரலில், சிரிப்போடு: "ஏனுங்க, புதுசா வந்தவங்களே, பேரச் சொல்லுங்க. பொண்ணு பாக்க வந்த எடத்துல மாதிரி வெக்கப்பட்டா எப்படிங்க?"

மணிவண்ணன் அந்த எண்ணை அழுத்தினான். 'குழுவிலிருந்து நீக்கு.' நீங்கியது. இருநூற்றுப் பதின்மூன்று.

செல்போனைக் கீழே வைப்பதற்குள் மறுபடியும் இருநூற்றுப் பதினான்கு.

அவன் பழைய இணைப்பைச் செல்லாததாக்கிப் புதிய இணைப்பு உண்டாக்கினான். இனி பழையதைத் தொட்டால் வழி திறக்காது. அந்த எண்ணை நீக்கினான். புதிய இணைப்பை அவன் யாருக்கும் அனுப்பவில்லை. அது அவன் செல்போனில் மட்டும்தான் இருந்தது. ஆனாலும் அந்த எண் திரும்ப வந்தது. அந்தப் புதிய இணைப்பின் வழியாகவே.

"அட்மின் சார், வந்தவங்கள இப்படியா தொரத்தறது?" என்று மாதம்மாள் என்பவளின் குரல். "பாவம், எழுதத் தெரியாதவங்களா இருக்கும். நாங்கூட மொதநாள் மைக்க எங்க அழுத்தறதுன்னு தெரியாம முழிச்சேன்."

அந்தச் சொற்களைக் கேட்டதும் அவன் அவள் குரலைப் பாதியில் நிறுத்தினான்.

அப்படி முழித்தவள் இன்னொருத்தியும் இருந்தாள். பாவாயி. போன மாசியில், மிளகு பறிப்பு உச்சத்தில் இருந்தபோது, காலையில் சேர்ந்தாள். பொத்தான் செல்போனை விட்டுப் புதுசாகத் தொடுதிரை வாங்கியவள். தனியாக இருந்தவள். சுமித்ராவுக்குச் சந்தையில் பழக்கம். அவன் வழக்கம்போல வரவேற்றான். உங்களப் பத்திச் சொல்லுங்க என்றான். பதினோரு மணிக்கு அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ஐம்பத்தெட்டு வினாடி. அது வந்த கையோடு மலை முழுக்கச் சிக்னல் போய்விட்டது. பஸ் ரோட்டோரம் இருந்த அவன் வீட்டில் மட்டும் ஒரு கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவன் போட்டுக் கேட்டான். காற்று. இலைகள் உரசும் சத்தம். யாரோ மூச்சு வாங்கும் சத்தம். பத்து வினாடி கேட்டான். எவனோ கேலி செய்கிறான் என்று கோபம் தலைக்கேறியது. அட்மினாக இருப்பவன் யாருடைய செய்தியையும் எல்லோர் செல்போனிலிருந்தும் அழிக்கலாம். அழித்தான். ஆளையும் நீக்கினான்.

இரண்டு நாள் கழித்து, அவளை அவள் தோட்டத்தில், மிளகுக்கொடி படரவிட்ட சவுக்கு மரத்தடியில் கண்டெடுத்தார்கள். மிளகு பறிக்க ஏறியவள் விழுந்ததில் கழுத்து ஒடிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. விழுந்த அன்றே சாகவில்லை என்று டாக்டர் சொன்னாராம். செல்போன் கையிலேயே இருந்தது. அதில் வேறு யார் எண்ணும் பதிந்துவைக்கப்படவில்லை. வாட்ஸ்அப்பைத் திறந்தால் வரும் ஒரே இடம் அந்தக் குழு. உதவிக்கு மறுபடி மறுபடி மைக்கை அழுத்தியிருக்கிறாள். குழுவில் இல்லாதவள் செய்தி அனுப்ப முடியாது.

"உங்க குழுவுல சேர்ந்தாளாமே, ஏதாச்சும் சொன்னாளா?" என்று அன்று சுமித்ரா அழுதுகொண்டே கேட்டாள். "ஒண்ணும் சொல்லல, தானா வெளிய போயிட்டா" என்றான். ஊரும் அதையே நம்பியது. அந்த ஐம்பத்தெட்டு வினாடியில் பத்தையாவது கேட்டவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான். அதில் மீதி நாற்பத்தெட்டு வினாடியில் என்ன இருந்தது என்று அவனுக்கும் தெரியாது. அது வெளியே வந்தால் இந்த மலையில் அவன் முகத்தில் யாரும் விழிக்க மாட்டார்கள். சுமித்ரா ஒரு நாள்கூட இந்த வீட்டில் இருக்க மாட்டாள்.

எவனுக்கோ தெரிந்திருக்கிறது. எவனோ மிரட்டுகிறான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்ததும், பயம் இருந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவனுக்கு அது வசதியாகவும் இருந்தது.

அட்மின் மட்டுமே பேசலாம் என்று குழுவைப் பூட்டினான். இனி மற்ற எல்லோர் திரையிலும் எழுதும் இடமே இருக்காது. ஊர்க்காரர்களின் செய்திகள் அதோடு நின்றன. ஆனால் மேலே, குழுவின் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில் ஒரு வரி தோன்றியது. அந்த எண் குரல் பதிவு செய்துகொண்டிருந்தது.

நின்றது.

மறுபடி பதிவு செய்தது.

நின்றது. எதுவும் வரவில்லை.

கட்டைவிரலால் திரையைக் குத்திக் குத்தி எழுதினான். 'ஏய், யார் நீ? இருநூறு பேர் மரியாதையா வாங்கன்னு கூப்பிடறாங்க, வாய்ல என்ன கொழுக்கட்டையா? தைரியம் இருந்தா ஒளியாத. என் ஊட்டுக்கு நேர்ல வா. வந்து உன் பேரு என்ன, யாருன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லு.'

அனுப்பினான். ஒரு டிக். இரண்டு டிக்.

யாரெல்லாம் படித்தார்கள் என்று அழுத்திப் பார்த்தான். படித்தவர் பட்டியலில் ஒரே ஒரு எண் இருந்தது.

உடனே குரல் செய்தி வந்தது. பூட்டிய குழுவுக்குள். 0:58.

அவன் அதைத் தொடவில்லை. அழிக்க நினைத்து அழுத்திப் பிடித்தான். திரை அசையவில்லை. மேலே சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சிக்னல் போனால் என்ன, யாருக்கும் போகாது, நல்லதுதான் என்று நினைத்தான்.

கீழே, சரிவின் அடியில், பனிக்குள் தெரியாத ஏதோ ஒரு வீட்டில் ஒரு செல்போன் ஒலித்தது. இந்த ஊரில் யாரும் காதில் வைத்துக் கேட்பதில்லை. ஸ்பீக்கரில் போட்டுச் சத்தமாகத்தான் கேட்பார்கள். காற்று. இலைகள் உரசும் சத்தம். யாரோ மூச்சு வாங்கும் சத்தம்.

அது முடிவதற்குள் அதற்கு மேலே இருந்த வீட்டில் தொடங்கியது.

பிறகு அதற்கும் மேலே.

சிக்னல் சரிவில் ஏறி வருவது போல ஒவ்வொரு வீடாக அந்த மூச்சு ஏறி வந்தது. ஒன்று முடியாமல் இன்னொன்று. நாய்கள் குரைக்கவில்லை. பலாமரத்தடி வீட்டில் கேட்டது. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர் வீட்டில் கேட்டது. இப்போது மூச்சுக்கு நடுவே சொற்கள். அவன் கேட்காமல் விட்ட நாற்பத்தெட்டு வினாடி.

"சாமி... கேக்குதுங்களா... யாராச்சும் வாங்க..."

ஒவ்வொரு வீட்டிலும் கேட்டவர்கள் ஏதோ பதில் சொன்னார்கள். அழுகை இல்லை. அலறல் இல்லை. வரவேற்கும் குரல். "வாங்க. வாங்க." ஒரு வீடு. அடுத்த வீடு. பக்கத்து வீடு.

மணிவண்ணன் எழுந்தான். கால் மிளகில் சறுக்கியது.

பக்கத்து வீட்டுக் குரல் நின்றது.

அவன் வீட்டு அடுக்களையில் தொடங்கியது.

"சுமி!" என்றான். "சுமி, அத நிறுத்து."

அவள் முழுவதும் கேட்டாள். ஐம்பத்தெட்டு வினாடி. கிழங்குப் பானையின் மூடி தடதடப்பது நின்றிருந்தது. பிறகு அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள். அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"வாங்க, வாங்க," என்றாள். "உள்ள வாங்க."

அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"ஏனுங்க," என்று அவனைக் கடிந்துகொண்டாள், கண்ணை அங்கிருந்து எடுக்காமல். "நீங்கதான் நேர்ல வந்து பேர் சொல்லச் சொன்னீங்களாமே? வந்தவங்கள நிக்க வெச்சிட்டு மரம் மாதிரி நிக்கிறீங்க?"

"யாரு? யாருடி அங்க?"

"அதத்தான் அவங்க சொல்ல வந்திருக்காங்க."

உள்ளே போனாள். பாய் கொண்டு வந்தாள். அவன் காலடியை ஒட்டி விரித்தாள். அவனுக்கு முதுகில் குளிர் பட்டது. பச்சை மிளகுக் கொடி ஒடிந்த வாடை. பிறகு பாய் மெல்ல அமிழ்ந்தது. ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு.

சுமித்ரா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள்.

சொம்பு விழவில்லை.

அவன் இடுப்பு உயரத்தில் நின்றது. சாய்ந்தது. தண்ணீர் வாய்க்குள் போவதுபோலப் போனது. கொஞ்சம் கீழே, ஒரு பக்கமாக, கழுத்து இருக்கக்கூடாத கோணத்தில் இருந்தால் எங்கே இருக்குமோ அங்கிருந்து, மெல்லிய நூலாக வழிந்து பாயில் சொட்டியது. விழுங்கும் சத்தம் கேட்டது. நிற்காமல் கேட்டது.

சுமித்ரா எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மோவாயில் கை வைத்துக்கொண்டு கனிவாகச் சொன்னாள்:

"மெதுவாக் குடிங்க கண்ணு. அவசரமில்ல. குடிச்சிட்டு மொத்தத்தையும் சொல்லுங்க. இவரு எங்கியும் போகமாட்டாரு."