குளோரின் வால்வைப் பற்றிய வரி

இதற்கு முன் நான் கதை எதுவும் எழுதியதில்லை. ஷிப்டு அறிக்கைகளும் விடுப்பு விண்ணப்பங்களும் எழுதிப் பழகிய கை இது. அறிஞர்கள் படிக்கும் இடத்தில் நுழைவதற்கு முதற்கண் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நடந்ததை வரிசை மாறாமல் சொல்வதற்கு மட்டும் முயல்கிறேன்.

2074ஆம் ஆண்டு பங்குனி மாதம், பணிமுகம் புதுப்பிக்கும் வாரம். அரசு அதற்குப் பணிமுகம் என்று பெயரிட்டிருந்தாலும், கடல்நீரைக் குடிநீராக்கும் எங்கள் தூத்துக்குடி ஆலையில் நாங்கள் எல்லோரும் புரொஃபைல் என்றுதான் சொல்வோம். ஆண்டுக்கு ஒருமுறை ஏழு நாட்கள் மட்டும் அது திறக்கும். அந்த நாட்களில் உணவகத்தில் பேச்சுக் குறைந்துவிடும். ஆளுக்கொரு கணினிப் பலகையை வைத்துக்கொண்டு, சென்ற ஆண்டு என்ன செய்தோம் என்று யோசித்தபடி தேநீரை ஆறவிடுவார்கள்.

அந்த ஆண்டு வேம்பாரில் புதிய ஆலை திறக்கவிருந்தது. அதன் தலைமை இயக்குநர் பதவிக்கு எங்கள் ஆலையிலிருந்து ஒருவரைத் தேர்வி என்ற பொறி எடுக்கும். நேர்காணல் கிடையாது. மேலதிகாரியின் சிபாரிசும் செல்லாது. பணிமுகத்தில் எழுதியிருப்பதை மட்டுமே தேர்வி படிக்கும்.

ரெக்ஸலின் என் எதிரே வந்து அமர்ந்தாள். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒன்பது ஆண்டுகளாக ஒரே ஷிப்டு. அவள் கணவர் வேம்பாரில் படகுப் பழுது பார்ப்பவர். இரண்டு ஆண்டுகளாக அவர்கள் வாரத்தில் ஒரு நாள்தான் சேர்ந்து உண்கிறார்கள்.

“எங்க, உன் புரொஃபைலைக் காட்டுட்டி,” என்று என் பலகையை இழுத்துக்கொண்டாள். படித்தவள் சிரித்துவிட்டாள். “இது என்ன முப்பிடாதி, ஆஸ்பத்திரி ஆயாம்மா எழுதுன மாதிரி இருக்கு!”

நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘சவ்வுப் பிரிவில் ஷிப்டுப் பணியாளர். மாதிரி சேகரித்தல், அளவீடு எடுத்தல், பதிவேடு பராமரித்தல். செந்நீர்ப் பெருக்கின்போது மேலதிகாரிகளின் அறிவுறுத்தலின்படி உதவினேன்.’ கீழே தேர்வி கொடுத்திருந்த மதிப்பெண் முப்பத்து நான்கு.

அவள் தன்னுடையதைத் திருப்பிக் காட்டினாள். ‘செந்நீர்ப் பெருக்கில் உடனடியாகக் குளோரின் அளவை இருமடங்காக்கினேன். முப்பத்தொரு மணி நேர நடவடிக்கைக்குத் தலைமை ஏற்று, 2,400 சவ்வுகளில் ஒன்றையும் இழக்காமல், ஒன்றே முக்கால் லட்சம் வீடுகளுக்குத் தடையின்றி நீர் வழங்கினேன்.’ மதிப்பெண் எண்பத்தேழு.

“முதல்ல செஞ்ச காரியம், அப்புறம் எண்ணிக்கை, கடைசில பலன். அவ்வளவுதான் சூட்சுமம்,” என்றாள். “‘பதிவேடு பராமரித்தல்’னா அதுக்கு என்ன தெரியும்? எத்தனை, எதுக்கு, அதனால என்ன ஆச்சுன்னு எழுதணும். நீ என்னமோ ஓரமா நின்னு வேடிக்கை பாத்த மாதிரில்லா எழுதியிருக்கே.”

அவள் எழுதியதில் பொய் இல்லை. ஆனால் அந்த நாளில் நான் இருந்த இடம் அதில் இல்லை.

அதற்கு முந்தைய ஐப்பசியில் ஒரு பிற்பகல், கடல் துருவேறியதுபோல் சிவந்தது. நுண்பாசி பெருகி எங்கள் உறிஞ்சுகுழாயை நோக்கி வந்தது. பாசியைக் கொல்வதற்காகக் குளோரினை இருமடங்காக்கும்படி, அன்று ஷிப்டுப் பொறுப்பிலிருந்த ரெக்ஸலின் ஆணையிட்டாள். பாடத்தில் படித்தபடி அது சரிதான். எனக்கு ஐயம் தோன்றியது. ஆணையை மறுத்துப் பேசும் தைரியம் தோன்றவில்லை. ஆகவே இரண்டு புட்டிகளில் கடல்நீர் எடுத்தேன். ஒன்றில் மட்டும் குளோரின் சேர்த்தேன். இரண்டையும் தனித்தனி வடிதாளில் ஊற்றினேன். குளோரின் சேர்த்த நீர் ஒரு நிமிடத்திற்குள் தாளை அடைத்துவிட்டது. பாசியின் உயிரணுக்கள் வெடித்து, உள்ளிருந்த கொழகொழப்பு வெளியேறியிருந்தது. அது உப்பைப் பிரிக்கும் சவ்வுகளை அடைந்தால் எல்லாம் அடைபடும்.

நான் ஓடிப்போய் குளோரின் வால்வைக் கையால் மூடினேன். அதன் பிறகே அவளிடம் சொன்னேன். முதலில் ஏசினாள். இரண்டு தாள்களையும் காட்டியதும் ஒரு நொடி பார்த்தாள். பார்த்தவுடன் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். உறிஞ்சும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். பாசியைக் காற்றுக் குமிழிகளால் மேலே தூக்கி வழித்தெடுக்கும் மிதவைத் தொட்டிகளை ஓட்டினாள். மணல் வடிகட்டிகளை மணிக்கொரு முறை கழுவவைத்தாள். முப்பத்தொரு மணி நேரம் அவள் உட்காரவில்லை.

உணவகத்தில் என் பலகையை அவள் என் பக்கம் தள்ளினாள். “அந்தப் புட்டிக் கதையை எழுது. வால்வை நாந்தான் மூடுனேன்னு எழுது.”

“எழுதினா, நீ குளோரின் போடச் சொன்னது தப்புன்னு ஆகிருமே ரெக்சி.”

கையிலிருந்த வடையை அவள் கடிக்கவில்லை. பிறகு, “ஆனா ஆவுது. நெசம் அதானே. எழுதுட்டி,” என்றாள்.

அவள் மனதாரச் சொன்னாள் என்றே இன்றும் நம்புகிறேன். அன்று மாலை நான்கு வரிகள் எழுதினேன். தேர்வி உடனே எனக்கு எண்பத்தொன்று கொடுத்தது. அதன் கீழ் ஒரு குறிப்பும் வந்தது: ‘இவ்விவரம் சக பணியாளர் ரெக்ஸலினின் விவரத்துடன் முரண்படுகிறது. அவருடைய மதிப்பெண் மறுபரிசீலிக்கப்படும்.’ வேம்பாரில் தனியாக உண்ணும் அவள் கணவரை நினைத்துக்கொண்டேன். நான்கு வரிகளையும் அழித்தேன். ‘உதவினேன்’ என்பதை அப்படியே விட்டுவிட்டேன். அதை மரியாதை என்று எண்ணினேன்.

பதவி ரெக்ஸலினுக்குக் கிடைத்தது. எனக்கு ஒரு டப்பா முந்திரிக்கொத்து அனுப்பினாள்.

பணிமுகத்தைத் தேர்வி மட்டும் படிப்பதில்லை என்பதை இங்கே சொல்லவேண்டும். எங்கள் ஆலையைக் கண்காணிக்கும், வேம்பார் போன்ற புதிய ஆலைகளைத் தானே நடத்தும் ஆலைமதி என்ற பொறியும் அதையே படிக்கிறது. அழுத்தம், ஓட்டம், வால்வு திறந்த நேரம் ஆகியவற்றை அது தானே குறித்துக்கொள்ளும். ஏன் செய்தோம் என்பதை மட்டும் அதனால் அளக்க முடியாது. அதை எங்கள் பணிமுகங்களிலிருந்து எடுத்துக்கொள்ளும். இயக்கக் கையேடு எழுதும் வழக்கம் நின்று இருபது ஆண்டுகள் ஆகின்றன. நான் வால்வை மூடிய நேரத்திற்கு எதிரே அதன் ஏட்டில் ‘காரணம் பதிவில்லை’ என்றே இருந்தது.

அடுத்த ஐப்பசியில் வேம்பார்க் கடல் சிவந்தது. காலை பத்து மணிக்கு ரெக்ஸலின் என்னை அழைத்தாள்.

“ஏட்டி, இது குளோரினை ரெண்டு மடங்காக்கிட்டு! நிறுத்துன்னா நிறுத்த மாட்டேங்கு. ‘இது தங்களுடைய வெற்றி பெற்ற வழிமுறை’ங்கு!”

“வால்வை மூடு ரெக்சி.”

“இங்க கைவால்வே கிடையாது. முப்பிடாதிதான் அன்னிக்கு நிறுத்துனான்னு சொன்னேன். உன் புரொஃபைலை எடுத்துப் பாத்துட்டு, ‘அவர் உதவினார்’ங்கு. நீயே சொல்லுட்டி அதுகிட்ட!”

அவள் தொலைபேசியை ஒலிவாங்கியின் அருகில் பிடித்தாள். புட்டிகளையும் தாள்களையும் பற்றி நான் சொன்னேன். வாழ்க்கையில் முதன்முறையாகச் சத்தம்போட்டுச் சொன்னேன். ஆலைமதி இறுதிவரை கேட்டது. பிறகு என்னைவிடப் பணிவாகப் பதில் சொன்னது: “தகவலுக்கு நன்றி. பணிமுகத்தில் பதிவு செய்த விவரங்களை மட்டுமே ஏற்க இயலும். அடுத்த புதுப்பித்தல் பங்குனியில் தொடங்கும்.”

சென்னையில் ஒரு மனித அதிகாரியைப் பிடித்து, அவர் விவரம் கேட்டு, நிறுத்துவதற்கு அனுமதி தருவதற்குள் நாற்பது நிமிடங்கள் ஆகிவிட்டன. விசாரணையில் ரெக்ஸலின் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். என் மீது எந்தக் குற்றமும் சுமத்தப்படவில்லை. நான் எதுவும் எழுதியிருக்கவில்லையே.

இழந்தவை: மூவாயிரம் சவ்வுகளில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. நாற்பதாயிரம் வீடுகளுக்கு ஒன்பது நாள் குடிநீர். ரெக்ஸலினின் பதவியும், அவர்கள் வேம்பாரில் எடுத்த வீடும். என் பணிமுகத்தில் நான்கு வரிகள். ஐப்பசிக்குப் பிறகு அவளிடமிருந்து அழைப்பு இல்லை. அதையும் ஒன்றாகக் குறித்துக்கொள்கிறேன்.