பொருத்தமான ஆள்

முப்பத்தைந்து வயதாகியும் ஒருவர் உங்கள் வீட்டில் தனியாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைவீர்கள், தரகரிடம் சொல்லி வைப்பீர்கள், அழுவீர்கள். சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனில் இந்த வேலையெல்லாம் கிடையாது. அங்கே சுவாசிக்கும் காற்றையே தயாரிக்க வேண்டும். அதனால் ஓர் அறைக்கு இருவர் என்பது சட்டம். அந்த இருவரும் காதலர்களாக இருக்க வேண்டும் என்பதும் சட்டம். முப்பத்தைந்து வயதுக்குள் இணைச்சான்று வாங்காதவர்களை அடுத்த கப்பலில் பூமிக்கு ஏற்றிவிடுவார்கள்.

வயது முப்பத்தைந்தைத் தொட்டுவிட்ட தாமிரா டைட்டனிலேயே பிறந்து வளர்ந்தவள். பூமியில் இறங்கினால் அவள் எலும்புகளை அவள் எடையே நொறுக்கிவிடும். ஆனால் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. காதல் உணர்வு இயல்பிலேயே இல்லாதவர் என்று நிரூபித்தால் தனியாக இருந்துகொள்ளலாம். இதுவரை யாரும் நிரூபித்ததில்லை. நிரூபித்துவிட்டுத்தான் மறுவேலை என்று தாமிரா கிளம்பி வந்திருந்தாள்.

விசாரணை அறையில் அவள் தலையில் மனவரைவியை மாட்டினார்கள். சுவரில் மூன்று விளக்குகள். உடல் ஆசைக்குச் சிவப்பு, பாசத்துக்குப் பச்சை, காதலுக்கு நீலம்.

பொருத்த அதிகாரி கோமளவல்லி எல்லோரையும் பெற்ற பிள்ளை மாதிரித்தான் கூப்பிடுவாள். "ஏன் கண்ணு, உனக்கு ஆசைன்னு ஒண்ணு வர்றதே இல்லியா?"

"நல்லாவே வருது மேடம். சிவப்பைப் பாருங்க."

சிவப்பு தகதகவென்று எரிந்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள்.

"அப்புறம் என்னடி?"

"அப்புறம் ஒண்ணுமில்ல, அதான் விஷயம். ராத்திரி நல்லாத்தான் இருக்கும். காலையில அவன் 'உன்னையே நெனச்சுட்டிருந்தேன்'ம்பான். அவனுக்குக் காய்ச்சல்னா கஞ்சி வெச்சுக் குடுப்பேன், அக்கறை இருக்கு. ஆனா அவன் சொல்ற அந்த ஏக்கம், கிறக்கம் இருக்கே, அது எனக்கு யார் மேலயும் வந்ததில்ல. ஆம்பள, பொம்பள யார் மேலயும்."

"எவனாச்சும் ஏமாத்திட்டானா?"

"ஐயோ, எல்லாம் தங்கமான பசங்க. நான்தான் அவங்களுக்குச் சொல்லிப் புரியவெக்க முடியாம தவிச்சேன்."

சுவாசக் காற்று தயாரிக்கும் ஆலையில் அவளோடு வேலை பார்க்கும் ஜெரால்டு சாட்சிக்கு வந்திருந்தான். அவனைப் பார்த்ததும் தாமிராவின் பச்சை விளக்கு பொங்கியது. நீலம் அசையவில்லை.

"பாத்தீங்களா மேடம், கல்நெஞ்சுக்காரி இல்ல இவ," என்றான் ஜெரால்டு. மனவரைவியை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டான். "எனக்கு உல்டா." மனைவி செல்வியை நினைத்தான். நீலம் கண்ணைக் கூசவைத்தது. சிவப்பு செத்துக் கிடந்தது. "அவளப் பாத்தா இன்னும் நெஞ்சு அடிச்சுக்குது. ஆனா படுக்கை ஆசை எனக்கு யார் மேலயும் கெடையாது. கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன், அவ சரின்னா. இது ஒரு கம்பி, அது ஒரு கம்பி மேடம். ஒண்ணு இல்லாதவங்களுக்கு இன்னொண்ணு இருக்கலாம். ரெண்டுமே இல்லாதவங்களும் இருக்காங்க. யாருக்கும் எதுவும் ரிப்பேர் இல்ல."

"அடடே, உங்க ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆளு தேறும் போலிருக்கே!" என்றாள் கோமளவல்லி. அறையே சிரித்தது. ஜெரால்டு தலையைக் குனிந்துகொண்டான்.

"கண்ணு, சரியான ஆள் உன் கண்ணுல இன்னும் படல. அவ்வளவுதான்."

தாமிரா இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள். "அப்ப எல்லாரையும் காட்டுங்க."

மனவரைவிக்கு அதுவும் முடியும். ஒரு லட்சம் பேரோடு தனித்தனியாக வாழ்ந்து முடிப்பதைக் கண் சிமிட்டும் நேரத்தில் மூளைக்குள் ஓட்டிக்காட்டிவிடும். டைட்டனில் உள்ளவர்களையும் பூமியின் பதிவில் உள்ள கோடிக்கணக்கானவர்களையும் ஒருவர் விடாமல் ஓட்டினார்கள். சிவப்பு பல முறை எரிந்தது. பச்சை அதைவிட அதிகம் எரிந்தது. நீலம் ஒரு முறைகூடத் துடிக்கவில்லை. முடிவை எந்திரமே வாய்விட்டுச் சொன்னது: "நோய் இல்லை. காயம் இல்லை. ஆள் கிடைக்காத குறையும் இல்லை. இந்த உணர்வு இவருடைய இயல்பில் இல்லை. காத்திருந்து பயனில்லை."

தாமிரா சிரித்தேவிட்டாள். பல வருஷங்களாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிய சிரிப்பு.

கோமளவல்லி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம்டி நீ. அப்ப உனக்கானவன் இன்னும் பொறக்கவே இல்ல."

"மேடம், அது சொன்னதக் கேட்டீங்களா இல்லியா?"

"எந்திரத்துக்கு மனசப் பத்தி என்ன தெரியும்? எங்க அக்காவும் இப்படித்தான் பேசிட்டிருந்தா. இப்ப மூணு புள்ளைங்க." அந்த எந்திரம் சொன்னதை வைத்து அன்று காலையில்தான் அவள் பதினோரு ஜோடிகளுக்குச் சான்று கொடுத்திருந்தாள். "உன்னப் பூமிக்கு அனுப்பிக் கொல்றதுக்கு நாங்க என்ன ராட்சசங்களா? வயசே ஏறாம உறைதூக்கத்துல இரு. இனிமே பொறக்கறவங்க ஒவ்வொருத்தரும் வளந்து ஆளானதும் உன்கூடப் பொருத்திப் பாக்கறோம். அம்பது வருஷமோ ஐந்நூறு வருஷமோ, அவன் கெடச்சதும் எழுப்பிவிடறோம்."

"யாரும் வர மாட்டாங்க மேடம். எனக்கு யாரும் வேணாம். என் வேலை இருக்கு, சிநேகிதங்க இருக்காங்க, நான் நல்லா இருக்கேன்."

"எல்லாப் பொண்ணும் மொதல்ல அப்படித்தான் சொல்லும்."

கூட்டம் கைதட்டியது. கத்திய ஜெரால்டை இரண்டு காவலர்கள் வெளியே இழுத்துப் போனார்கள்.

மறுநாள் காலை கோமளவல்லி தன் கையாலேயே தாமிராவுக்குத் தலை வாரிப் பொட்டு வைத்தாள். ஏழு மணிக்கு உறைதூக்கப் பெட்டியை மூடினார்கள்.