ஒருவர் விடாமல் ஒப்படைப்பேன்

வாயாடி அன்று காலை வார்டுக்குள் நுழைந்தபோது முகமெல்லாம் பல். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் ஆண்கள் அறுவைப் பிரிவில் யாரைக் கேட்டாலும் வாயாடி என்றால்தான் தெரியும். கைப்பையில் ராஜினாமா கடிதம் இருந்தது. முதுநிலை நர்சிங் படிக்க இடம் கிடைத்துவிட்டது. வேலையிலிருந்து விடுவித்த கடிதத்தின் அசலோடு குறித்த நாளில் போய் நிற்க வேண்டும். பிந்தினால் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும். இதற்காக எத்தனை வருஷம் கண்விழித்துப் படித்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

கடிதம் நர்சிங் கண்காணிப்பாளருக்கு. ஆனால் நேராகக் கொண்டுபோய் நீட்ட முடியாது. வார்டு பொறுப்பு நர்ஸ் படித்து, 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மேலே போகும். அந்தப் பொறுப்பில் இருந்தவரை எல்லோரும் பெரியக்கா என்பார்கள்.

பெரியக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"மேற்படிப்பில் சேர இருப்பதால் பணியிலிருந்து விலக விரும்புகிறேன். விதிப்படி ஒரு மாத முன்னறிவிப்பு தருகிறேன். புண்ணுக்கு மருந்து கட்டுவது முதல் புண்பட்ட மனதோடு பேசுவது வரை எனக்குக் கற்றுக்கொடுத்த இந்த வார்டுக் குழுவினர் அனைவருக்கும் என் நன்றி. என் பொறுப்பில் உள்ள நோயாளிகளை ஒருவர் விடாமல் ஒப்படைத்துவிட்டுச் செல்வேன்."

கடைசி வரியில் அவர் விரல் நின்றுவிட்டது.

"இந்த வரிய எடுத்துடு."

"ஏன்க்கா? நல்லாத்தானே இருக்கு?"

"வேலைய ஒப்படைக்கிறேன்னு பொதுவா எழுதுடி. இங்க எல்லாரும் அப்படித்தான் எழுதிட்டுப் போயிருக்காங்க."

"அட, இதுக்குப் போய் திரும்ப டைப் அடிக்கணுமா? கையெழுத்தப் போடுங்கக்கா, தங்கம்ல."

பெரியக்கா போட்டார். போடும்போது அவர் கண் மூலைப் படுக்கைப் பக்கம் போனதை வாயாடி கவனிக்கவில்லை. அவள் மனசு ஏற்கெனவே கல்லூரி விடுதியில் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தது.

கடிதம் ஏற்கப்பட்டது என்று கண்காணிப்பாளர் அலுவலகத்திலிருந்து பதில் வந்த அன்றுதான் நாற்றம் தொடங்கியது.

நாற்றம் அந்த வார்டுக்குப் புதிதா என்ன? சர்க்கரை நோயில் அழுகிய கால், சீழ், வாந்தி, மூத்திரப் பை எல்லாம் பார்த்த மூக்கு அவளுடையது. இது வேறு. இனிப்பும் அழுகலும் கலந்து, தொண்டையில் படலமாகப் படிந்து, எச்சில் விழுங்கினால் ருசியாகவே தெரிந்தது. சீ!

மூலையிலிருந்த பதினாலாம் படுக்கையிலிருந்து வந்தது.

அது எப்போதும் காலியாகக் கிடக்கும் படுக்கை. மேலே குழாய் ஒழுகுகிறது என்று சொல்லி யாரையும் அங்கே போடுவதில்லை. வாயாடி போர்வையை விலக்கினாள். விரிப்பில் ஒரு முதுகின் அளவுக்கு மஞ்சள் ஈரம், ஓரமெல்லாம் பழுப்பு வளையம். இடுப்பெலும்பு அழுந்தும் இடத்தில் சோற்றுப் பருக்கை போல ஏதோ சிதறியிருந்தது. குனிந்து பார்த்தாள்.

பருக்கைகள் நெளிந்தன.

ஓடிப்போய்க் கைகழுவும் தொட்டியில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். விரிப்பை மாற்றினாள். மத்தியானத்துக்குள் மறுபடி அதே ஈரம், அதே வளையம். மெத்தையை மாற்றச் சொன்னாள், மாற்றினார்கள். மறுநாள் புது மெத்தையும் ஊறிப்போயிருந்தது. மற்றவர்களுக்கு நாற்றம் கொஞ்சம் அடித்தது, அவ்வளவுதான். அவளுக்கு மட்டும் தலைமுடியில், உள்ளங்கையில், சாப்பாட்டு டப்பாவில் கூட ஏறிக்கொண்டது.

ஒரு நாள் விரிப்பை உருவும்போது, காதோரம் ஈரமான மூச்சு.

"திருப்பி விடும்மா."

படுக்கையில் யாருமில்லை.

நேரே மருந்தறைக்குப் போய்ப் பெரியக்கா முன்னால் நின்றாள். "யாருக்கா அது? மறைக்காதீங்க."

பெரியக்கா கதவைச் சாத்தினார். "ரொம்ப வருஷம் முன்னால ஒரு பெரியவர். முதுகுப் புண். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பி விடணும். அன்னைக்கு எனக்கு அவசரம். அடுத்த ஷிப்ட்காரி வந்துடுவான்னு யார்கிட்டயும் ஒப்படைக்காம கிளம்பிட்டேன். அவ வரவே இல்ல. வேற ஆள் போட்டாங்க. வந்தவ, தன்கிட்ட சொன்ன படுக்கைங்கள மட்டும் பாத்துட்டுப் போயிட்டா. அடுத்தடுத்து வந்தவங்களும் அப்படித்தான்."

"அவரு?"

"ரெண்டு நாள் லீவு முடிஞ்சு வந்தேன். புண்ணுல புழு. உயிர் போயிருந்துச்சு." அவர் குரல் இறங்கியது. "சாதாரணமா அமைதியாத்தான் கிடப்பாரு. ஒருவர் விடாமன்னு நீ எழுதிட்டல்ல, தன்னையும் சேத்துத்தான்னு நம்பிட்டாரு."

நர்ஸ் வேலையில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒருத்தி படுக்கை அருகே நின்று நோயாளியின் நிலையைச் சொல்ல, இன்னொருத்தி 'வாங்கிக்கிட்டேன்' என்று சொல்லும்வரை அந்த உயிர் முதலாமவள் பொறுப்பு. அந்தப் பெரியவரை வாங்கிக்கொள்ள யாருமே வரவில்லை.

"இப்ப நான் என்ன செய்யறது?"

"புதுசா ஒரு பொண்ணு வருதுல்ல, அதுகிட்ட ஒப்படைச்சுடு. காலிப் படுக்கைதானேன்னு வாங்கிக்கும். உனக்கு விடுதலை."

புழுவைப் பார்த்தபோது கூட வாயாடிக்கு இவ்வளவு குமட்டவில்லை. இவருக்கும் சேர்த்தா நன்றி எழுதினோம் என்று உடம்பெல்லாம் கூசியது.

கடைசி நாள் வந்தது. துணிக்கிடங்கு, மருந்தகம், நூலகம் என்று எல்லா இடத்திலும் பாக்கி இல்லை என்ற கையெழுத்து வாங்கியாயிற்று. மிச்சம் வார்டுக் கையெழுத்து ஒன்றுதான். அது இருந்தால்தான் அலுவலகத்தில் விடுவிப்புக் கடிதம் கொடுப்பார்கள். விடிந்தால் கல்லூரி.

மதியம் பணி மாறும் நேரம். புதுப் பெண் குறிப்பேட்டோடு பின்னால் வர, வாயாடி ஒவ்வொரு படுக்கையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். சின்னப் பெண். எல்லாவற்றுக்கும் தலையாட்டி, "வாங்கிக்கிட்டேன்கா" என்றாள். மூலைக்கு வந்ததும் வாயாடி நின்றாள்.

"நீ போய் ஊசி ட்ரேய எடுத்து வை. பெரியக்கா, நீங்க வாங்க."

பெரியக்கா அசையவில்லை. "அவகிட்ட சொல்லு. அப்பத்தான் கையெழுத்து."

வாயாடி கையுறையை மாட்டிக்கொண்டு படுக்கையோரம் போனாள். ஒரு கையைத் தோள் இருக்க வேண்டிய இடத்திலும், மறு கையை இடுப்பு இருக்க வேண்டிய இடத்திலும் வைத்தாள்.

கனத்தது.

கையுறைக்கு அடியில் தோல் வழுக்கியது, வெந்த கிழங்கின் தோல் கழல்வது போல. பல்லைக் கடித்துக்கொண்டு தன் பக்கமாகத் திருப்பினாள். கட்டில் கிறீச்சிட்டது. மெத்தையின் பள்ளம் இடம் மாறியது. நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது. அது பெரியக்காவுக்கும் கேட்டது.

"படுக்கை பதினாலு," என்றாள் வாயாடி. "முதுகுப் புண். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பணும். இப்பத்தான் திருப்பியிருக்கு. இவரு உங்க நோயாளிதான்க்கா. வாங்கிக்கறீங்களா?"

நாற்றம் பெரியக்காவின் முகத்தில் அறைந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். விரிப்பின் ஈரம் அவர் நின்ற பக்கமாக, விரல் விரலாக நகர்ந்து வந்தது.

"வாங்கிக்கிட்டேன்! போதும்டி, வாங்கிக்கிட்டேன்!"

கையெழுத்தும் விழுந்தது.

விடுதி அறையில் மூன்றாம் நாள்தான் வாயாடிக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கியது. கையை மோந்து பார்த்தாள். சோப்பு மணம்தான். அப்பாடா என்று சாய்ந்தபோது போனில் புதுப் பெண்ணின் செய்தி.

"அக்கா நல்லா இருக்கீங்களா? இங்க பெரியக்காவுக்குத்தான் உடம்பு சரியில்ல. வீட்டுக்கே போகாம மூலைப் படுக்கைகிட்டயே நிக்கறாங்க. அவங்க சட்டை முதுகுப் பக்கம் எப்பவும் ஈரமா, மஞ்சளா இருக்கு. கிட்டப் போனா குமட்டுது."

அடுத்த செய்தி.

"அவங்களும் ராஜினாமா எழுதிட்டாங்க. முன்னறிவிப்புக்குப் பதிலா ஒரு மாசச் சம்பளத்தக் கட்டிட்டு இன்னைக்கே போறாங்க. எங்க எல்லாருக்கும் நன்றி சொல்லி அழகா எழுதியிருக்காங்க. எல்லாப் படுக்கையையும் என்கிட்டத்தான் ஒப்படைச்சாங்க."

வாயாடி பதறி எழுந்து, 'பதினால மட்டும் வாங்காதே' என்று அடிக்கத் தொடங்கினாள். விரல் எழுத்தில் நிற்கவில்லை, வழுக்கியது. அதற்குள் இன்னொன்று வந்துவிட்டது.

"பதினாலையும் வாங்கிக்கிட்டேன்கா. காலிப் படுக்கைதானே?"