நகம் வெட்டவும்

வயிற்றை அமுக்கினால் பொம்மை பாடியது. காதை அமுக்கினால், "ஹா ஹா! சிரி, சிரி!" என்று கத்தியது. வகுப்பில் எல்லோருக்கும் அது பிடித்துப்போனது.

"இதைக் கொடுத்தா லைப்ரரி அக்கா அழுகையை நிறுத்திடுவாங்க பாரு!" என்றான் பட்டாசு. அவன் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அதனால்தான் அந்தப் பெயர்.

பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் தம்பி போன வாரம் இறந்துவிட்டார். பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். பிள்ளைகளுக்கு அவர் ஜெராக்ஸ் அண்ணன். அக்கா இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. வகுப்பே காசு சேர்த்து இந்தப் பொம்மையை வாங்கியிருந்தது. அக்காவின் தெருவிலேயே குடியிருந்ததால், கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு சுண்டுவின் தலையில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து பையை மேசைமேல் வைத்தாள். பொம்மையின் காது அமுங்கிவிட்டது.

"ஹா ஹா! சிரி, சிரி!"

சுண்டுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா வீட்டு வாசலில் இது இப்படிக் கத்தியிருந்தால்?

அவளுடைய பூனை செத்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. "வேற பூனை வாங்கிக்கலாம்," என்றார் மாமா. "அழாதடி, எல்லாம் சரியாயிடும்," என்றாள் அத்தை. சுண்டுவுக்குக் கோபம்தான் வந்தது. மாடிவீட்டுக் குட்டிப்பெண் மட்டும், "உன் பூனை என் செருப்புமேலதானே தூங்கும்?" என்றாள். சுண்டு ஓவென்று அழுதாள். அழுது முடித்ததும் மனசு லேசானது.

அவள் பட்டாசைக் கூட்டிக்கொண்டு பொம்மை வாங்கிய கடைக்கே ஓடினாள்.

"விலைச் சீட்டைக் கிழிக்கலையே? அப்போ மாத்திக்கலாம்," என்றார் கடைக்கார அம்மா. "பூச்செடி தரட்டுமா?"

"தண்ணி ஊத்த மறந்து அது வாடிப்போச்சுன்னா, அதுக்கும் வருத்தப்படுவாங்க."

"வாசனை மெழுகுவத்தி?"

பட்டாசு முகர்ந்து பார்த்தான். கடையே அதிரும்படி தும்மினான். மெழுகுவத்தி அலமாரிக்குத் திரும்பியது.

மூலையில் சாம்பல் நிறச் சால்வை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. சுண்டு தொட்டுப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது.

"இதுதான். போர்த்திக்கிட்டுச் சும்மா உட்காரலாம். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

கடைக்கார அம்மா விலைச் சீட்டை எடுத்துவிட்டு ஜிகினா ரிப்பனைத் தேடினார். "வெறும் தாள் போதும்மா," என்றாள் சுண்டு. எதுவும் அச்சடிக்காத வெள்ளை அட்டை ஒன்றையும் வாங்கிக்கொண்டாள்.

அட்டையில் என்ன எழுதுவது? இருவரும் பழைய தாளில் எழுதிப் பார்த்தார்கள்.

"கவலைப்படாதீங்கன்னு எழுது," என்றான் பட்டாசு.

"சொன்னா கவலை போயிடுமா?"

"உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுதுன்னு?"

"உனக்குப் புரியுதா?"

பட்டாசு யோசித்தான். "இல்ல," என்றான், முதல்முறையாக மெதுவாக. "ஏதாவது வேணும்னா சொல்லுங்கன்னு போடலாமா?"

"அவங்க எப்படிப் போய்க் கேப்பாங்க? நாம என்ன செய்வோம்னு நாமளே சொல்லிடலாம்."

கடைசியில் சுண்டு இப்படி எழுதினாள்:

'அக்கா, உங்கள் தம்பி இறந்தது எங்களுக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது. ஒருநாள் நான் விளையாட்டாக ஜெராக்ஸ் மெஷினில் என் கையை வைத்தேன். அண்ணன் திட்டவில்லை. கையை நகல் எடுத்து, அடியில் "நகம் வெட்டவும்" என்று எழுதிக் கொடுத்தார். அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்கள் திரும்பி வரும்வரை புதன்கிழமைகளில் நூலகப் புத்தகங்களை நாங்கள் அடுக்கி வைக்கிறோம். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.'

மறுநாள் வகுப்பில் எல்லோரும் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்கள். அன்று மாலை அக்காவின் அம்மா கதவைத் திறந்தார். சுண்டு பொட்டலத்தைக் கொடுத்தாள். அக்காவைக் கூப்பிடச் சொல்லாமல் திரும்பிவிட்டாள்.

ஆனால் அன்றிரவு அவளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. தம்பியைப் பற்றி எழுதி அக்காவை இன்னும் அழ வைத்துவிட்டேனோ?

புதன்கிழமை புத்தகம் அடுக்கப் போனபோது நூலகம் திறந்திருந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோளில் சாம்பல் நிறச் சால்வை. கண்கள் சிவந்திருந்தன.

"சுண்டு, அந்த ஜெராக்ஸ் தாளை எனக்குக் காட்டுவியா?"

சுண்டு அதைப் பையிலேயே வைத்திருந்தாள். அக்கா வாங்கி, தம்பியின் கையெழுத்தை விரலால் மெல்லத் தடவினார். கண்ணீர் வழிந்தது. கூடவே ஒரு சிரிப்பும் வந்தது.

"சின்ன வயசுல அவனை நான் தினமும் இப்படித்தான் திட்டுவேன். நகம் வெட்டு, நகம் வெட்டுன்னு. அதையே உங்கிட்ட சொல்லியிருக்கான் பாரேன்! எல்லாரும் அவனை மறந்துடச் சொல்ற மாதிரியே பேசினாங்க. நீங்கதான் அவனைப் பத்திச் சொன்னீங்க."

"எங்கிட்டயும் ஒரு கதை இருக்குக்கா!" என்று பட்டாசு நூலகமே அதிரக் கத்தினான். நூலகத்தில் கத்தக் கூடாது என்று அக்கா அன்று மட்டும் சொல்லவில்லை.

"சொல்லுடா, கேக்கறேன்," என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு சுண்டுவின் விரல்களைப் பார்த்தார்.

"ஏண்டி, இன்னும் வெட்டலையா?"

சுண்டு சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.